4.079 எங்கிருந்து வந்தது?

2025-26 ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் ஆவணங்களில் மாநில வாரியாக ஒரு பட்டியல் உண்டு. ஒன்றிய அரசு வசூலிக்கும் வரிகளில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு போகிறது என்று அதில் இருக்கும். உத்தரப் பிரதேசத்துக்கு 2,55,172 கோடி ரூபாய். தமிழ்நாட்டுக்கு 58,022 கோடி. தமிழ்நாட்டின் தொகைக்கு அருகே 4.079 என்று ஒரு சதவீதம். 2021 முதல் 2026 வரை ஐந்து ஆண்டுகளுக்கு அந்த எண் மாறவே இல்லை. மாநிலங்களுக்கான மொத்தத் தொகை எவ்வளவோ, அதில் நூறு ரூபாய்க்கு 4 ரூபாய் 8 பைசா தமிழ்நாட்டுக்கு என்று பொருள்.

இந்த எண்ணைச் சுற்றி நடக்கும் பேச்சு பெரும்பாலும் "நாம் கொடுப்பது எவ்வளவு, நமக்குத் திரும்புவது எவ்வளவு" என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எண் எப்படிப் பிறந்தது என்பது தெரியாமல் அதை எதிர்ப்பதும் ஆதரிப்பதும் பாதி வழியில் நிற்பதாகும். 15-வது நிதிக்குழு போட்ட கணக்கு அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களும் மாநிலங்களின் பரப்பளவும் கையில் இருந்தால், அதன் முக்கியமான பகுதிகளை ஒரு தாளில் நாமே போட்டுப் பார்க்கலாம். போட்டுப் பார்ப்போம்.

முதலில் பிரிக்கப்படும் தொகை எது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசியல் சட்டத்தின் 280-வது பிரிவின்படி ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை குடியரசுத் தலைவர் நிதிக்குழுவை அமைக்கிறார். என்.கே. சிங் தலைமையிலான 15-வது நிதிக்குழு, பகிரத்தக்க வரி வருவாயில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குக் கொடுக்கச் சொன்னது. 'பகிரத்தக்க' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். செஸ், சர்சார்ஜ் என்ற பெயர்களில் வசூலாகும் பணம் அந்தத் தொகுப்புக்குள் வராது. வசூல் செலவையும் முதலிலேயே கழித்துவிடுவார்கள். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் மொத்த வரி வருவாய் 42.70 லட்சம் கோடி ரூபாய்; மாநிலங்களுக்குப் போவது 14.22 லட்சம் கோடி. வகுத்துப் பார்த்தால் 33 சதவீதம்தான் வருகிறது. ஏட்டில் 41, நடைமுறையில் 33. இது எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான குறை. இதை இங்கேயே விட்டுவிட்டு, அந்த 14.22 லட்சம் கோடியை 28 மாநிலங்கள் எப்படிப் பங்கு போடுகின்றன என்பதற்கு வருவோம்.

1951-இல் அமைக்கப்பட்ட முதல் நிதிக்குழுவுக்குக் கணக்கு எளிதாக இருந்தது. வருமான வரியில் மாநிலங்களுக்கான பங்கை, 80 சதவீதம் மக்கள்தொகைப்படியும் 20 சதவீதம் எங்கே வசூலானது என்பதன்படியும் பிரித்தார்கள். அதன்பிறகு வந்த ஒவ்வொரு நிதிக்குழுவும் ஏதாவது ஒன்றைச் சேர்த்தது, ஏதாவது ஒன்றை எடுத்தது. பரப்பளவு 10-வது நிதிக்குழுவின் காலத்தில்தான் கணக்குக்குள் நுழைந்தது, அதுவும் வெறும் 5 சதவீத எடையோடு. 14-வது நிதிக்குழு வருவதற்குள் அது 15 ஆகிவிட்டது.

15-வது நிதிக்குழு நூறு மதிப்பெண்ணை இப்படிப் பகிர்ந்தது: தனிநபர் வருமானத்தில் பின்தங்கியிருப்பதற்கு 45, 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, பிறப்பு விகிதத்தைக் குறைத்ததற்கு 12.5, அடர்ந்த காடுகளுக்கு 10, சொந்த வரியை முயன்று வசூலிப்பதற்கு 2.5. ஒவ்வோர் அளவுகோலிலும் எல்லா மாநிலங்களையும் சேர்த்து நூறு என்று வைத்து, ஒரு மாநிலத்தின் பங்கைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை அந்த அளவுகோலின் எடையால் பெருக்கி, ஆறையும் கூட்டினால் இறுதி எண் கிடைக்கும்.

மக்கள்தொகையில் தொடங்குவோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். யூனியன் பிரதேசங்களையும், இப்போது மாநிலமாக இல்லாத ஜம்மு காஷ்மீரையும் கழித்தால் 28 மாநிலங்களிலும் இருந்தவர்கள் சுமார் 117.8 கோடி. ஆக தமிழ்நாட்டின் பங்கு 6.12 சதவீதம். அதை 15 சதவீத எடையால் பெருக்கினால் 0.92 வருகிறது. நாம் தேடும் 4.079-இல் முதல் துண்டு இது.

இதே கணக்கை 1971-இன் தொகையை வைத்துப் போட்டால் என்ன ஆகும்? அன்று தமிழ்நாட்டில் 4.12 கோடிப் பேர், பங்கு 7.65 சதவீதம். பெருக்கினால் 1.15. இரண்டுக்கும் இடையே 0.23 வித்தியாசம். கேட்பதற்குச் சிறியதாகத் தெரியும். 2025-26 தொகையில் அது 3,200 கோடி ரூபாய்க்கு மேல், ஒரே ஆண்டில்.

கணக்கெடுப்பு ஆண்டைப் பற்றி இவ்வளவு சண்டை நடந்தது இதனால்தான். 1976-இல் 42-வது திருத்தம் மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கையை 1971 கணக்கோடு நிறுத்திவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதனாலேயே நஷ்டப்படக் கூடாது என்பது காரணம். நிதிக்குழுக்களும் பல பத்தாண்டுகள் 1971 தொகையையே பயன்படுத்தின. 14-வது நிதிக்குழு 1971-க்கு 17.5 எடையும், 2011-க்கு 10 எடையும் கொடுத்துச் சமாளித்தது. 15-வது நிதிக்குழுவை 2017-இல் அமைத்தபோது, 2011 கணக்கெடுப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அதன் பணி வரையறையிலேயே எழுதிவிட்டார்கள். கேரளத்தின் அழைப்பில் 2018 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் நிதி அமைச்சர்கள் கூடி இதை எதிர்த்தார்கள்.

தமிழ்நாட்டையும் பீகாரையும் அருகருகே வைத்தால் அந்த எதிர்ப்பின் காரணம் விளங்கும். இன்றைய எல்லைகளுக்குள் இருக்கும் பீகாரில் 1971-இல் 4.21 கோடிப் பேர், தமிழ்நாட்டில் 4.12 கோடி. ஏறக்குறைய சமம். நாற்பது ஆண்டுகள் கழித்து பீகார் 10.41 கோடி, தமிழ்நாடு 7.21 கோடி. 1971-ஐ வைத்துப் பிரித்தால் இரு மாநிலங்களுக்கும் இந்தத் துண்டில் ஒரே தொகை. 2011-ஐ வைத்துப் பிரித்தால் தமிழ்நாடு ஒரு ரூபாய் பெறும்போது பீகார் 1 ரூபாய் 44 பைசா பெறும். அதே நேரம், இன்று பீகாரில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை 1971-இன் பிள்ளை அல்ல. அந்த வகுப்பறைக்குப் பணம் இன்றுதான் வேண்டும். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பவர்களை நான் நம்புவதில்லை.

அடுத்தது பரப்பளவு. தமிழ்நாடு 1,30,060 சதுர கிலோமீட்டர். 28 மாநிலங்களின் மொத்தம் சுமார் 30.5 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆக நம் பங்கு ஏறத்தாழ 4.26 சதவீதம். ராஜஸ்தான் 3,42,239 சதுர கிலோமீட்டர். பங்கு சுமார் 11.2. மக்கள்தொகையில் ராஜஸ்தான் 6.85 கோடிதான், தமிழ்நாட்டைவிடச் சற்றே குறைவு. ஆட்களை எண்ணினால் நமக்குக் கீழே இருக்கும் மாநிலம், நிலத்தை அளந்தால் இரண்டரை மடங்கு மேலே போய்விடுகிறது.

நிலத்துக்கு ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்கலாம். இதற்கு ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டமே பதில். அந்த ஒரு மாவட்டத்தின் பரப்பளவு 38,401 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலம் முழுவதும் சேர்த்து 38,863. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கேரளத்தில் 2011-இல் 3.34 கோடிப் பேர், ஜெய்சல்மேரில் 6.7 லட்சம் பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். மணல்வெளியில் ஏழெட்டு வீடுகள் சேர்ந்து ஒரு குடியிருப்பாக இருக்கும். அடுத்த குடியிருப்பு கண்ணுக்கெட்டாத தூரத்தில். அங்கே குடிநீர்க் குழாய் பதித்தாலும், மின்கம்பம் நட்டாலும், ஆம்புலன்ஸ் ஓட்டினாலும், ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு கேரளத்தில் ஆவதைவிடப் பல மடங்கு. ஆட்களை மட்டும் எண்ணும் கணக்குக்கு இந்தச் செலவு தெரியாது. அதனால்தான் பரப்பளவு தேவைப்படுகிறது.

ஆனால் பரப்பளவைக் கணக்கில் எடுக்கும் விதத்தில் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது. நிலம் இரட்டிப்பானால் செலவும் இரட்டிப்பாகும் என்று சூத்திரம் வைத்துக்கொள்கிறது. ஆளே இல்லாத பாலைக்கும் ஊர்களுக்கு நடுவே உள்ள வயலுக்கும் ஒரே மதிப்பு. மறுபுறம், எவ்வளவு சிறிய மாநிலமானாலும் அதற்கு ஒரு சட்டமன்றம், ஒரு தலைமைச் செயலகம், ஒரு காவல்துறைத் தலைமையகம் வேண்டும். இந்தச் செலவு பரப்பளவோடு சேர்ந்து சுருங்காது. இதை ஈடுகட்ட நிதிக்குழுக்கள் ஒரு தரைவரம்பு வைத்திருக்கின்றன. பரப்பளவில் எந்த மாநிலத்தின் பங்கும் 2 சதவீதத்துக்குக் கீழே போகாது. கீழே இருந்தால் 2-க்கு ஏற்றிவிடுவார்கள்.

இந்தத் தரைவரம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்பது கோவாவைப் பார்த்தால் தெரியும். கோவாவின் பரப்பளவு 3,702 சதுர கிலோமீட்டர். உண்மையான பங்கு 0.12 சதவீதம். அது 2 ஆகிறது, பதினாறு மடங்கு உயர்வு. கோவாவின் இறுதிப் பங்கு 0.386. பரப்பளவுக்கான 15 சதவீத எடையால் 2-ஐப் பெருக்கினால் 0.30 வருகிறது. அதாவது கோவாவுக்கு வரும் வரிப் பங்கில் முக்கால்வாசி இந்த ஒரே விதியிலிருந்து வருகிறது. கேரளம், பஞ்சாப், ஹரியானா, இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், அசாம், அருணாச்சலம் நீங்கலான வடகிழக்கு மாநிலங்கள் என மொத்தம் பன்னிரண்டு மாநிலங்கள் 2 சதவீதத்துக்குக் கீழே இருப்பவை. அவற்றை ஏற்றுவதற்கான இடத்தை மற்ற பதினாறு மாநிலங்களின் பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் தமிழ்நாட்டின் 4.26 மூன்றரைக்கும் நான்குக்கும் இடையே இறங்கிவிடுகிறது. 15 சதவீத எடையால் பெருக்கினால் நமக்குக் கிடைப்பது 0.55-ஐ ஒட்டிய ஒரு துண்டு. ராஜஸ்தானுக்கு இதே அளவுகோலில் 1.45 அளவுக்குக் கிடைக்கும். ராஜஸ்தானின் இறுதிப் பங்கு 6.026, நம்முடையது 4.079. இந்த 1.95 இடைவெளியில் 0.9, அதாவது ஏறக்குறைய பாதி, நிலத்தினால் மட்டுமே வந்தது.

மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15 என்று காகிதத்தில் சமமாக எழுதியிருப்பதைப் பார்த்து, இரண்டும் ஒரே பலம் என்று நினைத்துவிடக் கூடாது. வருமான இடைவெளி என்ற 45 சதவீத அளவுகோலைப் பிரித்துப் பார்க்கும்போது இது புரியும். அந்தக் கணக்கு இப்படிப் போகிறது. தனிநபர் வருமானத்தில் முன்னணியில் உள்ள ஒரு மாநிலத்தை உச்சமாக வைக்கிறார்கள். 15-வது நிதிக்குழு கோவாவையும் சிக்கிமையும் மிகச் சிறியவை என்று ஒதுக்கி, அடுத்து நின்ற ஹரியானாவை வைத்தது. ஒவ்வொரு மாநிலமும் அந்த உச்சத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று கழித்துப் பார்க்கிறார்கள். பிறகு அந்த இடைவெளியை அந்த மாநிலத்தின் 2011 மக்கள்தொகையால் பெருக்குகிறார்கள்.

எளிய எண்களை வைத்துக்கொள்வோம். உச்ச வருமானம் 2 லட்சம் ரூபாய். ஒரு மாநிலத்தில் வருமானம் 1,60,000, மக்கள் 7 கோடி. இன்னொன்றில் வருமானம் 40,000, மக்கள் 10 கோடி. முதல் மாநிலத்தின் இடைவெளி 40,000. இரண்டாவதன் இடைவெளி 1,60,000. இடைவெளியை மட்டும் பார்த்தால் இரண்டாவது மாநிலத்துக்கு நான்கு மடங்கு. மக்கள்தொகையால் பெருக்கிய பிறகு அது ஐந்தே முக்கால் மடங்காகிவிடும். ஏழையாக இருப்பதும் மக்கள் அதிகமாக இருப்பதும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன.

ஆக மக்கள்தொகை 15 சதவீத எடையோடு வெளிப்படையாக நிற்கிறது, 45 சதவீத எடைக்குள்ளும் பெருக்கும் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. பிறப்பு விகிதத்துக்கான 12.5-க்குள்ளும் அது இருக்கிறது. எப்படி என்று அடுத்துச் சொல்கிறேன். கூட்டினால் சூத்திரத்தின் 72.5 சதவீதத்தை மக்கள்தொகை ஏதோ ஒரு வடிவில் தொடுகிறது. பரப்பளவு தன் 15-ஐத் தாண்டி எங்கும் போவதில்லை. காட்டுக்கான 10-ஐயும் நிலம் என்று சேர்த்தால் 25. எந்தக் கணக்கெடுப்பு ஆண்டை எடுப்பது என்ற சண்டை வெறும் 15 சதவீதத்துக்கான சண்டை அல்ல. எதிர்த்த மாநிலங்களில்கூட இதை எடுத்துச் சொன்னவர்கள் குறைவு என்பது என் வருத்தம்.

பிறப்பு விகிதத்துக்கான 12.5 சதவீதம், 2011-க்கு மாறியதால் இழந்தவர்களுக்கு நிதிக்குழு கொடுத்த ஈடு. ஒரு மாநிலத்தின் 1971 மக்கள்தொகையை எடுத்து, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தைகள் என்ற எண்ணால் வகுக்க வேண்டும். குழந்தைகள் குறைவாக இருந்தால் விடை பெரிதாகும். தமிழ்நாட்டுக்கு 2011-ஐ ஒட்டி அந்த எண் சுமார் 1.7, பீகாருக்கு 3.6. நம் 4.12 கோடியை 1.7-ஆல் வகுத்தால் 2.42. பீகாரின் 4.21 கோடியை 3.6-ஆல் வகுத்தால் 1.17. 1971-இல் சமமாக இருந்த இரு மாநிலங்களில், தமிழ்நாடு இந்தத் துண்டில் இருமடங்கு பெறுகிறது. எல்லா மாநிலங்களுக்கும் இப்படித் தோராயமாகப் போட்டுப் பார்த்தால் தமிழ்நாட்டின் பங்கு இந்த அளவுகோலில் 10 சதவீதத்தை எட்டுகிறது. 12.5 சதவீத எடையால் பெருக்கினால் சுமார் 1.25.

இப்போது கூட்டிப் பார்ப்போம். மக்கள்தொகையிலிருந்து 0.92, பரப்பளவிலிருந்து 0.55, பிறப்பு விகிதத்திலிருந்து 1.25. மொத்தம் 2.72. மீதி 1.36 அளவு காடு, வரி முயற்சி, வருமான இடைவெளி மூன்றிலிருந்தும் சேர்ந்து வருகிறது. வருமான இடைவெளிக்கான 45-ஐ வெறும் தலை எண்ணிப் பிரித்திருந்தால் அதிலிருந்து மட்டுமே நமக்கு 2.75 வந்திருக்கும். அந்த ஓர் இடத்தில்தான் தமிழ்நாட்டின் கை மிகவும் சுருங்குகிறது. தமிழ்நாட்டின் பங்கு குறைவாக இருப்பதற்கு முதல் காரணம் அது வளர்ந்திருப்பது. அடுத்த காரணம் மக்கள் குறைவு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறப்பு விகிதத்துக்கான அளவுகோல் இல்லாமல் போயிருந்தால் 4.079 மூன்றரையைக்கூடத் தொட்டிருக்காது, அந்த 12.5-ஐ மற்ற அளவுகோல்களுக்கு அவற்றின் எடைப்படியே பகிர்ந்திருந்தாலும்.

இந்தக் கணக்கில் வேகமாக வளரும் மாநிலம் எப்படி அடிபடும் என்பதற்குக் கர்நாடகம் சாட்சி. 14-வது நிதிக்குழுவில் 4.713 ஆக இருந்த அதன் பங்கு 15-வது நிதிக்குழுவில் 3.647 ஆனது. கணக்கில் எடுத்த ஆண்டுகளில் அதன் தனிநபர் வருமானம் உச்சத்தை நெருங்கிவிட்டது, இடைவெளி சுருங்கிவிட்டது. 2025-26 தொகையில் ஒரு சதவீதம் என்பது 14,000 கோடி ரூபாய்க்கு மேல். கேரளமும் 2.5-லிருந்து 1.925-க்கு இறங்கியது. தமிழ்நாடு 12-வது நிதிக்குழுவில் 5.305, 13-வதில் 4.969, 14-வதில் 4.023 என்று இறங்கி வந்து, 15-வதில் நூலிழை ஏறி 4.079-இல் நின்றது.

வளர்ந்த மாநிலம் ஏழை மாநிலத்துக்குத் தர வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே நாட்டுக்குள் பீகாரில் பிறந்த குழந்தைக்கும் கோவையில் பிறந்த குழந்தைக்கும் பள்ளியும் மருத்துவமனையும் ஒரே தரத்தில் கிடைக்க வேண்டுமானால் பணம் அந்தத் திசையில்தான் போக வேண்டும். ஆனால் எவ்வளவு போக வேண்டும் என்பதற்குச் சூத்திரத்தில் எல்லை எதுவும் இல்லை. இடைவெளியை அப்படியே மக்கள்தொகையால் பெருக்கிக்கொண்டே போகிறது. சின்ன மாநிலங்களுக்குப் பரப்பளவில் 2 சதவீதத் தரைவரம்பு வைக்க முடிந்தவர்களால், ஒரு நிதிக்குழுவிலிருந்து அடுத்த நிதிக்குழுவுக்குப் போகும்போது எந்த மாநிலத்தின் பங்கும் இவ்வளவுக்கு மேல் இறங்கக் கூடாது என்றும் ஒரு வரம்பு வைக்க முடியும். கர்நாடகத்துக்கு ஒரே தாவலில் நடந்தது அப்போது பல ஆண்டுகளில் பரவி, அந்த மாநிலத்தின் பட்ஜெட் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ள இடம் கிடைத்திருக்கும்.

எண்ணும் முறையிலேயே உள்ள இன்னொரு குறையும் இருக்கிறது. 2025-26 வரை பணம் 2011-இன் தலை எண்ணிக்கைப்படி பிரிந்தது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027-க்கு அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் சென்னையின் கட்டட வேலைக்கும் வந்தவர்களின் தலை, சூத்திரத்தைப் பொறுத்தவரை இன்னும் சொந்த ஊரிலேயே இருக்கிறது. அவர்கள் குடிக்கும் தண்ணீர், போகும் ஆஸ்பத்திரி, பிள்ளைகள் சேரும் பள்ளி, ஏறும் பஸ் எல்லாம் திருப்பூர் மாநகராட்சியின் செலவு, தமிழ்நாட்டு அரசின் செலவு. கணக்கெடுப்புக்காரர் வரும் நாளில் ஒருவர் எங்கே எண்ணப்படுகிறாரோ, அவருக்கான பங்கு அந்த மாநிலத்துக்குத்தான் போகும். திருப்பூரில் ஓர் அறையில் ஆறு பேர் தங்கி ஷிப்டு மாற்றி வேலைக்குப் போகும்போது, கணக்கெடுப்புக்காரர் கதவைத் தட்டும் நேரத்தில் உள்ளே இருப்பது இரண்டு பேராக இருக்கலாம். 2027 கணக்கெடுப்பில் அந்த ஆறு பேரையும் ஆறாகவே எழுதவைப்பது தமிழ்நாட்டின் தாசில்தார்களும் உள்ளாட்சிகளும் செய்ய வேண்டிய வேலை. அதற்கு நிதிக்குழுவின் அனுமதி எதுவும் தேவையில்லை.